விஷயம் முதல் வரியிலா, ‘நிற்க’வுக்குப் பிறகா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வாடிக்கையாளர் கடிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே பாகம் அமெரிக்காவுக்கும் போகிறது, ஜப்பானுக்கும் போகிறது. அதனால் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் எழுத வேண்டிவரும். சேர்ந்த புதிதில் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் பழுதாகிவிட்டது. எப்படிப் பழுதானது, எந்த உதிரி எங்கிருந்து வர வேண்டும், மெக்கானிக் என்ன சொன்னார் என்று நான்கு பத்தி எழுதி, ஐந்தாவது பத்தியில் சரக்கு ஒன்பது நாள் தாமதமாகும் என்றேன். கொள்முதல் அதிகாரி இரண்டாவது பத்தியோடு படிப்பதை நிறுத்திவிட்டு போன் செய்தார். “வெள்ளிக்கிழமை கிளம்புகிறதா, இல்லையா?”

சரி, இனி பதிலை முதலில் சொல்லிவிடுவோம் என்று பாடம் கற்றுக்கொண்டு, அடுத்த மாதம் ஜப்பான் வாடிக்கையாளருக்கு எழுதினேன். முதல் வரியே, “பிராக்கெட்டுக்கு பிளேட்டிங் செய்யும் நிறுவனத்தை மாற்ற உங்கள் அனுமதி வேண்டும்.” கீழே நான்கு காரணங்கள், சுத்தமாக. பதிலுக்கு ஒரே வரி வந்தது: பரிசீலிக்கிறோம். ஜப்பானியத்தில் ‘கெந்தோ ஷிமாஸ்’. அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்தச் சொல் பல நேரம் ‘வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம். மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை.

இதிலிருந்து ‘அமெரிக்கர்களுக்கு நேராகச் சொல், ஜப்பானியர்களுக்குச் சுற்றிச் சொல்’ என்று ஒரு விதி எடுத்துக்கொள்ளத் தோன்றும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அது பாதி தவறு. மீதிப் பாதியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பதிலை ஒரே வாக்கியமாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

எங்கே வைப்பது என்பது அப்புறம். முதலில் பதில் என்று ஒன்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரையில், முக்கிய விஷயம் கடைசியில் வரும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் பண்பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. எழுதியவருக்கே விஷயம் எழுதி முடிக்கும்போதுதான் பிடிபட்டிருக்கும். யோசித்த வரிசையிலேயே தாளில் இறங்கியிருக்கும். அதைத் தாமதப்படுத்துதல் என்று சொல்ல முடியாது, அது திருத்தப்படாத முதல் வரைவு.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் கடைசிப் பத்தியை வெட்டி மேலே ஒட்டிப் படியுங்கள். மற்ற பத்திகள் ஒரு சொல்கூட மாறாமல் அதற்குக் கீழே பொருந்தி நின்றால், அது கடைசியில் இருக்கக் காரணமே இல்லை. மேலே ஒட்டியதும் கீழே உள்ளவை தடுமாறினால், ‘இதை ஏற்க முதலில் அது தெரிய வேண்டுமே’ என்று உங்களுக்கே தோன்றினால், அந்தத் தாமதத்துக்கு ஏதோ வேலை இருக்கிறது. மேற்கொண்டு யோசிக்கலாம்.

படி 2: வாசகர் அந்தப் பதிலை வைத்து என்ன செய்யப் போகிறார்?

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. நாடு, மொழி எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

சிலர் பதிலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை லாரி வருமா, வராதா? அவர் தன் லைனைத் திட்டமிட வேண்டும். அவருக்கு முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். அதிலும் அவரே கேட்ட கேள்வி என்றால் எந்த நாட்டிலும் பதில்தான் முதலில். ஜப்பானிலும் அப்படியே. புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு அங்கே கொடுக்கும் பயிற்சியில் ‘கெத்ஸுரோன் கரா’, அதாவது முடிவிலிருந்து தொடங்கு, என்பது முதல் நாள் பாடங்களில் ஒன்று. மேலதிகாரி கேட்கும்போது சுற்றி வளைத்தால் அங்கேயும் திட்டுதான் கிடைக்கும். நான் எழுதிய ஒன்பது நாள் தாமதக் கடிதத்தை ஜப்பானுக்கு அனுப்பியிருந்தாலும் இதே அடி விழுந்திருக்கும்.

வேறு சிலர் பதிலை எடைபோடப் போகிறவர்கள். நீங்கள் கேட்பதற்குச் சரி சொல்வதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள். அதுவும் அவர் கேட்காமல் நீங்களாகக் கொண்டுபோகும் விஷயம் என்றால், முதல் வரியைப் படித்ததுமே அவர் மனத்தில் ‘ஏன்?’ என்று ஒரு கேள்வி எழும். அது நல்லெண்ணத்தோடு எழலாம், எரிச்சலோடும் எழலாம். எரிச்சலோடு எழும் வாய்ப்பு அதிகம் என்றால், பதிலுக்கு முன்னால் காரணம் போவது நல்லது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் ஜெர்மனியின் சட்டக்காரர்கள். அங்கே சட்டம் படிக்கும் மாணவருக்கு இரண்டு எழுத்து முறைகளைச் சொல்லித் தருகிறார்கள். ஒன்று ‘குட்டாக்டன்ஸ்டீல்’, கருத்துரை நடை. கேள்வியை வைத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லி, இந்த வழக்கின் விவரங்களை அதில் பொருத்திப் பார்த்து, கடைசியில்தான் முடிவு. இன்னொன்று ‘ஊர்டைல்ஸ்டீல்’, தீர்ப்பு நடை. முடிவு முதலில், ‘ஏனென்றால்’ அதற்குப் பிறகு. ஜெர்மன் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புகளும் இந்த வரிசையில்தான் வரும்: உத்தரவு மேலே, வழக்கின் விவரம் அதற்குக் கீழே, காரணங்கள் அதற்கும் கீழே. கருத்துரையைப் படிக்கிறவர் இன்னும் முடிவெடுக்காதவர், எழுதியவரோடு சேர்ந்து ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்க்க வேண்டியவர். தீர்ப்பைப் படிக்கிறவருக்கோ முடிவு ஏற்கெனவே விழுந்துவிட்டது. தான் பணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே தொழில், ஏன், எழுதுகிறவர்கூட ஒரே ஆளாக இருக்கலாம். வாசகரின் வேலை மாறியதும் வரிசை தலைகீழாகிறது. ‘ஜெர்மானியர்கள் நேராகப் பேசுவார்கள்’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு இதில் எந்த நடையைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

மூன்றாவது வகை வாசகர், பதிலைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர். அவருக்குத் தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன்.

படி 3: பண்பாட்டை எவ்வளவு நம்புவது?

ராபர்ட் காப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஐந்து சிறு கோட்டுப் படங்கள் உண்டு. ஆங்கிலப் பத்திக்கு ஒரு நேர்கோடு, கீழை நாட்டுப் பத்திக்கு உள்நோக்கிச் சுழலும் ஒரு சுருள், மற்றவர்களுக்கு வளைந்தும் மடங்கியும் போகும் கோடுகள். இன்றும் நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் படங்களை ஏதாவது ஒரு ஸ்லைடில் பார்க்கலாம். அவர் பார்த்தது அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை. அவர்கள் தங்கள் சொந்த மொழியில் எப்படி எழுதினார்கள் என்பதை அல்ல. நேர்கோடு ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்தது எப்படி என்று பிறகு பலர் கேட்டார்கள். காப்லானே பின்னாளில் தன் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். ஸ்லைடுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது ஜான் ஹைண்ட்ஸ் என்ற மொழியியலாளர் 1987இல் சொன்னது. எழுதியது புரியவில்லை என்றால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். ஆங்கில வழக்கில் பொறுப்பு எழுதியவர் தலையில் விழுகிறது. ஜப்பானிய வழக்கில் வாசகரும் அதில் பெரும் பங்கைச் சுமக்கிறார், இணைப்புகளை அவரே கண்டுகொள்வார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இதையும் நாடு முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனால் ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டால் நல்ல கருவி: என் வாசகர் என்னோடு நடந்துவரத் தயாராக இருக்கிறாரா, இல்லை, நான்தான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?

ரான் ஸ்காலன், சுசான் வோங் ஸ்காலன் என்ற மொழியியலாளர்கள் ஹாங்காங்கிலிருந்து தரும் ஒரு காட்சி நமக்கு ரொம்பவே பழக்கமானது. ஹாங்காங் சீனாவின் கைக்குப் போன 1997க்கு முன்பு நடக்கும் ஒரு மீட்டிங். ஒருவர் பேசுகிறார்: நம் உற்பத்தியில் பெரும்பகுதி இப்போது சீனாவில் நடப்பதால், அரசு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாததால், டிவி விளம்பரத்துக்குச் செலவும் அதிகம் என்பதால், ஆகவே முடிவைத் தள்ளிப்போடலாம். ஆங்கிலத்தில் கேட்கிறவருக்கு ‘ஆகவே’ வரும்வரை எதைப் பற்றிய பேச்சு என்றே பிடிபடாது. நம் ஆள் ஒருவர் கேட்டால் இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்பார். தமிழில் ‘மழை பெய்ததால் வரவில்லை’ என்பதுதான் இயல்பு. காரணம் முன்னால், விளைவு பின்னால். சீனம் பேசுகிறவர்களும் பல இடங்களில் அப்படியே அடுக்குகிறார்கள். அதே ஸ்காலன்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: இரண்டு வரிசையும் இரண்டு பக்கமும் உண்டு. டாக்சி ஓட்டுநரிடம் போகும் இடத்தைச் சொல்லும்போது யாரும் சுற்றி வளைப்பதில்லை. உறவும் மரியாதையும் சம்பந்தப்படும்போதுதான் வரிசை மாறுகிறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘பதில் முதலில்’ என்ற முறையின் தாய்வீடு என்று சொல்லத்தக்கது மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனம். 1960களில் அங்கே சேர்ந்த பார்பரா மின்டோதான் அதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார்: உச்சியில் பதில், கீழே கீழே ஆதாரங்கள். ஆனால் அவர் சொன்னதை முழுதாகப் படித்தால் பிரமிடுக்கு மேலே ஒரு சிறு முன்னுரை இருக்கும். வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த நிலவரம், அதில் வந்த சிக்கல், அதிலிருந்து எழும் கேள்வி, அப்புறம்தான் பதில். அதாவது நேராகப் பேசு என்று சொல்லித் தந்தவரே, வாசகர் மனத்தில் கேள்வி எழாமல் பதிலை வைக்காதே என்கிறார். நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பகுதிதான் முதலில் உதிர்ந்துபோகிறது.

படி 4: தாமதிப்பதென்றால் அடையாளம் வையுங்கள்

ஜப்பானியர்கள் முறைப்படி எழுதும் கடிதம் ‘ஹைகெய்’ என்று தொடங்கும். அடுத்தது பருவத்தைப் பற்றி ஒன்றிரண்டு வரி. பிறகு அவர் நலம் பற்றி விசாரிப்பு. அதன்பின் புதிய பத்தியில் ‘ஸாதே’ என்று ஒரு சொல் வரும். விஷயம் அதற்குப் பிறகுதான். பழகிய ஜப்பானிய வாசகரின் கண் நேராக அந்த ‘ஸாதே’யில் போய் நிற்கும். மேலே உள்ளதை அவர் பிறகு படித்துக்கொள்வார்.

இதைக் கேட்டதும் என் தாத்தாவின் இன்லேண்ட் கடிதங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கி, பாட்டியின் முழங்கால் வலி, மாடு ஈன்றது எல்லாம் சொல்லிவிட்டு, தனியாக ஒரு சொல்: ‘நிற்க.’ இதுவரை சொன்னது ஒருபுறம் நிற்கட்டும், இப்போது விஷயத்துக்கு வருகிறேன் என்று பொருள். அப்பா கடிதத்தைப் பிரித்ததும் ‘நிற்க’வைத்தான் தேடுவார். பணம் கேட்டிருக்கிறாரா, பத்திரப் பதிவுக்கு ஊருக்கு வரச் சொல்கிறாரா என்று அங்கே தெரிந்துவிடும். முழங்கால் வலியை அம்மா அப்புறம் சத்தமாக வாசிப்பார்.

இரண்டு மரபிலும் விஷயம் பின்னால் வருகிறது. ஆனாலும் எங்கே வரும் என்று வாசகருக்குத் தெரியும், அதனால் தாமதம் அவருக்குச் சுமையாவதில்லை. நான் அமெரிக்க அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் நேர்ந்த பிழை, ஒன்பது நாள் என்பது ஐந்தாவது பத்தியில் இருந்தது மட்டும் இல்லை. அது அங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு ‘நிற்க’வும் இல்லை.

அடையாளம் வைக்க எனக்குத் தெரிந்த வழிகளில் நன்றாக உழைப்பது டொயோட்டாவில் வளர்ந்த ஏ3 தாள். பிரச்சினை முழுவதையும் ஒரே ஒரு ஏ3 தாளில், அதாவது 420 மில்லிமீட்டர் அகலத்தில் 297 மில்லிமீட்டர் உயரத்தில், அடக்க வேண்டும். இடது பாதியில் பின்னணி, இப்போதைய நிலை, இலக்கு, காரண ஆய்வு. வலது பாதியில் என்ன செய்யப் போகிறோம், யார், எப்போது, எப்படிச் சரிபார்ப்போம். வரிசைப்படி படித்தால் பதில் பாதிக்கு மேல்தான் வரும். ஆனால் எல்லாம் ஒரே தாளில் விரிந்து கிடக்கிறது. அவசரக்காரர் வலது பக்க உச்சியைப் பார்த்துவிட்டு இடது பக்கம் போகலாம். எடைபோட நினைப்பவர் இடமிருந்து நடந்துவரலாம்.

அந்த ஊரில் இன்னொரு வேலையும் நடக்கும், ‘நெமவாஷி’. மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பக்குவம் செய்வதைக் குறிக்கும் சொல். மீட்டிங்குக்கு முன்பே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுவார்கள். அதனால் தாள் மேசைக்கு வரும்போது அறையில் இருப்பவர்களுக்குப் பதில் முன்பே தெரியும். நாம் வெளியிலிருந்து தாளை மட்டும் பார்த்துவிட்டு, ‘இவர்கள் விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள்’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

மெயிலில் இதைச் செய்வது எளிது. பொருள் வரியும் உடலும் தனித்தனி இடங்கள். பதிலையோ கோரிக்கையையோ பொருள் வரியில் வைத்துவிட்டு, உடலைக் காரணத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே மெயிலில் இருந்தால் நான் இதைத்தான் செய்கிறேன். ஒரு எச்சரிக்கை: நம் அரசாணைகளின் உச்சியில் ‘சுருக்கம்’ என்று இருக்கும். துறை, பொருள் எல்லாம் சொல்லி ‘ஆணை வெளியிடப்படுகிறது’ என்று முடியும். ஆணை வந்திருக்கிறது என்று தெரியும், என்ன ஆணை என்பது பல நேரம் உள்ளே போனால்தான் தெரியும். உங்கள் பொருள் வரி அப்படி ஆகிவிடக் கூடாது. ‘பிளேட்டிங் தொடர்பாக’ என்பது தலைப்பு. ‘பிளேட்டரை மாற்ற அனுமதி கோருகிறோம், 20ஆம் தேதிக்குள் பதில் தேவை’ என்பதுதான் விஷயம்.

படி 5: அதே பிளேட்டிங் கடிதம், இரண்டு விதமாக

மூன்று வார மௌனத்துக்குப் பிறகு அந்தக் கடிதத்தை மாற்றி எழுதினேன். எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன், வரிசை அப்படியே இருக்கிறது.

முதலில் அமெரிக்க வாடிக்கையாளருக்குப் போனது:

“பிராக்கெட்டின் துத்தநாக பிளேட்டிங்கை இரண்டாவது நிறுவனத்துக்கு மாற்ற உங்கள் அனுமதி வேண்டும். இப்போதைய இடத்தில் கடைசி ஆறு லாட்டில் இரண்டு, 120 மணி நேர சால்ட் ஸ்ப்ரே சோதனையில் 96ஆம் மணியிலேயே சிவப்புத் துரு காட்டின. புதிய இடத்தின் மூன்று லாட்டும் 120 மணியைத் தாண்டின. விலையும் அனுப்பும் தேதியும் மாறாது. அறிக்கையும் மாதிரியும் அனுப்பியிருக்கிறோம்.”

இந்த வாசகருக்கு இது போதும். அவர் ஏற்கெனவே துரு பற்றிப் புகார் சொன்னவர். அவருடைய கேள்விக்கு இது பதில்.

ஜப்பான் பக்கம் நிலைமை வேறு. அவர்களுக்குப் போன லாட்டில் துரு வரவில்லை, அவர்கள் எதுவும் கேட்கவும் இல்லை. என் முதல் கடிதத்தைப் படித்த தர மேலாளர், அதைத் தன் நிறுவனத்தில் இன்னும் நான்கைந்து பேரிடம் சுற்றுக்கு விட்டு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியவர். ‘ரிங்கி’ என்பார்கள். ஒவ்வொருவரும் அவரிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, “பழைய பிளேட்டரையே ஏன் சரிசெய்யக் கூடாது?” என் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. முதல் வரியில் மாற்றத்தைக் கேட்டுவிட்டு, கீழே அந்த மாற்றத்துக்குச் சாதகமான காரணங்களை மட்டும் அடுக்கியிருந்தேன். அவரால் அதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ‘பரிசீலிக்கிறோம்’ என்பதைத் தவிர அவர் வேறு என்ன எழுதுவார்?

மாற்றி எழுதியது இந்த வரிசையில் போயிற்று. பொருள் வரியில் கோரிக்கை. உடலில் வழக்கமான வணக்க வரி. பிறகு இப்போதைய நிலை: ஆறு லாட், அதில் இரண்டு, 96 மணி. உங்கள் லாட்டுகளில் இது நேரவில்லை என்பதும் அங்கேயே. பிறகு என்ன தேடினோம்: பூச்சின் தடிமனை அளந்தோம், மூலைகளில் குறைவாக இருந்தது, பாகங்களைத் தொங்கவிடும் ரேக்கின் அமைப்புதான் காரணம். பிறகு பழைய இடத்திலேயே என்ன முயன்றோம்: ரேக்கை மாற்றினோம், இரண்டு லாட் சரியாக வந்தது, மூன்றாவது மறுபடி சறுக்கியது, ஏனென்றால் அங்கே தொட்டி ஆழம் குறைவு, அதற்கு மேல் இடைவெளி விட முடியாது. புதிய தொட்டி வாங்க அவர்கள் தயாராக இல்லை. அடுத்த பத்தி இப்படித் தொடங்கியது: “இந்த நிலையில், எங்கள் கோரிக்கை.” அதுதான் என் ‘ஸாதே’. அதற்குக் கீழே புதிய இடத்தின் சோதனை முடிவும் மாற்றும் அட்டவணையும்.

நீளம் முன்னதைப் போல மூன்று மடங்கு. ஆனால் கூடுதலாக உள்ளது ஒரே ஒரு விஷயம்தான், பழையதைச் சரிசெய்ய முயன்று தோற்ற கதை. பதில் தாமதமாக வந்ததற்கான கூலி அந்தக் கதைதான். வணக்கமும் விசாரிப்பும் மட்டும் சேர்த்துக் கோரிக்கையைக் கீழே தள்ளியிருந்தால் இன்னொரு ‘கெந்தோ ஷிமாஸ்’தான் கிடைத்திருக்கும்.

இதே அமெரிக்க அதிகாரிக்கு நாளைக்கே, அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஸ்டீல் சரியில்லை என்று சொல்ல வேண்டி வந்தால், இந்த நீளமான வரிசையைத்தான் எடுப்பேன். அப்போது அவர் பதிலைப் பயன்படுத்துகிறவர் இல்லை, எடைபோடுகிறவர். அதுவும் தன் முடிவைத் தானே எடைபோட வேண்டியவர்.

படி 6: கெட்ட செய்தி என்றால் தாமதம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது

தந்தி இருந்த காலத்தில் ‘அப்பா சீரியஸ், உடனே வா’ என்று வந்தால் வீட்டில் யாரும் அடுத்த வரியைத் தேட மாட்டார்கள். அழுகை தொடங்கிவிடும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது, பழக்கம் நிற்கவில்லை. இப்போதும் போனில் “மாமாவுக்கு உடம்பு கொஞ்சம் முடியலை, கிளம்பி வாப்பா” என்றுதான் சொல்கிறோம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் உண்மை தெரியும். பஸ்ஸில் தனியாக ஏழு மணி நேரம் வர வேண்டியவனுக்கு அந்தச் சொல் ஒரு கைப்பிடி.

மருத்துவர்களுக்கு இதையே முறையாகச் சொல்லித் தருகிறார்கள். வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையில், புற்றுநோய் என்று சொல்வதற்கு முன் நோயாளிக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்கச் சொல்கிறார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும். பிறகு ஒரு எச்சரிக்கை வாக்கியம்: வருத்தமான செய்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உடனே செய்தி. எச்சரிக்கைக்கும் செய்திக்கும் நடுவில் பத்து நிமிடம் ரத்தப் பரிசோதனை அளவுகளை விளக்கினால், அந்தப் பத்து நிமிடமும் நோயாளி எதையும் கேட்டிருக்க மாட்டார்.

நம் தந்தி வழக்கமும் முன்பின் தெரிந்தவர்களுக்குள்தான் வேலை செய்யும். குறியீடு தெரியாத ஒருவர் ‘சீரியஸ்’ என்பதை அப்படியே நம்பி, ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்து நின்றால் அந்தக் காட்சி கொடுமை.

வேலை மறுப்பு, கடன் மறுப்பு போன்ற அலுவலகக் கடிதங்களில் மேலே இதமாக ஒரு வரி வைத்து, மறுப்பைக் கீழே வைப்பது அமெரிக்கப் பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்த அறிவுரை. கிட்டி லாக்கர் என்ற ஆய்வாளர் 1999இல் இதைச் சோதித்துப் பார்த்தார். கடன் மறுப்புக் கடிதமும் மேற்படிப்புச் சேர்க்கை மறுப்புக் கடிதமும் எழுதி மாணவர்களிடம் கொடுத்தார். இதமான முதல் வரி இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. கடைசியில் ‘எங்களோடு தொடர்ந்து இணைந்திருங்கள்’ என்ற தோரணையில் அழுத்திச் சொன்னால் எரிச்சல்தான் கூடியது. அங்கே வாசகருக்கும் எழுதியவருக்கும் நடுவே காப்பாற்ற வேண்டிய உறவு எதுவும் இல்லை, கவரைப் பிரிக்கும்போதே பாதி தெரிந்துவிடும் செய்தி அது. நான் அப்படிப்பட்ட மறுப்புகளை இப்போது முதல் அல்லது இரண்டாம் வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்.

மறைப்பதைத் தாமதம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘ஜாதகம் பொருந்தலை’ என்று சொல்லி அனுப்புவது மறுப்புதான், ஆனால் காரணம் கடைசிவரை வராது. சம்பந்தம் பேசுவதில் அது செல்லுபடியாகலாம். சரக்கு வராது என்பதை அப்படிச் சொன்னால் அவர் லைன் நின்றுவிடும்.

படி 7: தமிழில் எழுதும்போது வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

இது நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கும் சிக்கல். ஜப்பானியத்துக்கும் கொரியத்துக்கும் கூட உண்டு. வினைச்சொல் கடைசியில் வரும். ‘இல்லை’யும் அதோடு சேர்ந்து கடைசியில்தான் வரும். அதனால் பதிலை முதல் வாக்கியத்தில் வைத்தேன் என்று நீங்கள் நினைத்திருக்க, உண்மையில் அது முதல் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கும். இதைப் பாருங்கள்:

“ஃபர்னஸ் பழுது காரணமாகவும் அதற்கான உதிரி புனேயிலிருந்து வர வேண்டியிருப்பதாலும் வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்த 3,000 பிராக்கெட்டுகளை அன்றைய தினம் அனுப்ப இயலாது.”

ஒரே வாக்கியம்தான், முதல் வாக்கியம்தான். ஆனால் ‘இயலாது’ வருவதற்குள் மூச்சு முட்டிவிடும். ‘அனுப்ப’ வரை அனுப்புவோம் என்றே வாசகர் நம்பிக்கொண்டிருக்கலாம். ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுவதால் அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

தமிழில் பதில் முதலில் வர வேண்டும் என்றால் முதல் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். “வெள்ளிக்கிழமை பிராக்கெட் கிளம்பாது. ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறோம். ஃபர்னஸ் பழுது.” ஆறு ஏழு சொற்களுக்குள் வினை வந்துவிட்டால் போதும். காரணம் தனி வாக்கியமாகப் பின்னால் வரட்டும். ‘ஏனென்றால்’ என்ற சொல்லைப் பலர் தமிழ் நடைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்குகிறார்கள். அவசரக் கடிதத்தில் அதைப் போல உதவுகிற சொல் வேறில்லை.

தாமதிக்கும் கடிதத்தில் இதே இயல்பு உங்களுக்குச் சாதகம். காரணத்தில் தொடங்கிக் கோரிக்கையில் முடிவது தமிழ் வாக்கியம் தானாகப் போகும் திசை. அங்கே நீங்கள் பயப்பட வேண்டியது அளவுக்கு மீறிய ‘ஆதலால்’களைப் பற்றி மட்டும்.

அனுப்பும் முன்

எழுதியதில் முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டி, “நான் என்ன கேட்கப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் முதலில் வைத்த கடிதம் என்றால் அவர் சரியாகச் சொல்ல வேண்டும். தாமதித்த கடிதம் என்றாலும் அவர் கிட்டத்தட்டச் சொல்லிவிட வேண்டும். முந்தைய பத்திகள் அவரை அங்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தால், கோரிக்கை வரும்போது ‘ஆமாம், வேறென்ன செய்ய முடியும்’ என்று அவருக்கே தோன்றியிருக்கும். “ஏதோ கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை” என்றால் நீங்கள் அவரைக் காக்க வைத்திருக்கிறீர்கள், அழைத்துப் போகவில்லை. பத்திகளை மறுபடி அடுக்குங்கள்.

என் இரண்டாவது பிளேட்டிங் கடிதத்துக்குப் பதில் ஆறாம் நாள் வந்தது. வந்தது அனுமதி அல்ல, ஒரு கேள்வி: புதிய இடத்தின் தொட்டி ஆழம் எவ்வளவு? அளந்து அனுப்பினேன். அடுத்த கேள்வி ரேக் பற்றி. மொத்தம் நான்கு கேள்விகள். கடைசிப் பதிலை நான் அனுப்பிய மறுநாள் ஒப்புதல் வந்தது, சுற்றுக்குப் போய் ஐந்து பேர் முத்திரை விழுந்த தாளோடு.